ஆபரேஷனுக்கு நாள் குறிப்பவர்களுக்கு ஒரு மடல்

அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் மயக்க மருந்து மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் அறுவை வார்டில் கட்டுப் பிரித்துக் கட்டுப் போடுகிற செவிலியர். நீங்கள் போட்ட தையலை ஐந்தாம் நாள், ஏழாம் நாள், சில சமயம் ஐம்பதாம் நாள் பார்ப்பவள். காயம் எப்படி ஆறுகிறது என்பதில் உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆறாமல் கிடக்கும் காயத்தின் பக்கத்தில் உங்களைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அவசர ஆபரேஷன்களைப் பற்றி இங்கே பேசவில்லை. நாள் பார்த்து, ரத்தம் சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, ஆற அமரச் செய்கிற ஆபரேஷன்களைப் பற்றித்தான். அதற்கு முன்னால் நாம் கேட்கிற கேள்விகளில் ஒன்றைச் சரியாகக் கேட்பதில்லை. “குடிப்பீங்களா?” என்கிறோம். “எப்பவாவது” என்கிறார். படிவத்தில் அதையே எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறோம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயது. பழைய வயிற்று ஆபரேஷனின் தழும்பில் ஹெர்னியா. வலை வைத்துத் தைக்கத் திட்டம். சர்க்கரை இல்லை, புகைப்பதில்லை, ஈரல் சோதனை பெரிதாகக் கெடவில்லை, மார்பு எக்ஸ்ரே சுத்தம். படிவத்தில் “எப்பவாவது”. உண்மை என்னவென்றால் அவர் தினமும் இரவு 180 மில்லி, வார இறுதியில் அதைப்போல் இரண்டு மடங்கு, பதினைந்து வருடமாக. இது எங்களுக்குத் தெரிய வந்தது மூன்றாம் நாள் இரவு, அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னபோது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் மாலையிலிருந்து கை லேசாக நடுங்கியது, வியர்த்தது, நாடி 110. வலியாக இருக்கும் என்று வலி ஊசியைக் கூட்டினோம். மூன்றாம் நாள் இரவு ஆள் மாறிப்போனார். போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்கினார், சலைன் ஊசியைப் பிடுங்கினார், எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்றார். அப்போதுதான் மனைவியிடம் கேட்டோம். குடி நின்றதால் வருகிற உளறல் அது. அவரை அடக்கத் தூக்க மருந்து கொடுத்தோம். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கொடுத்துவிட்டு, தலைப்பக்கம் உயர்த்தாமல் மட்டமாகப் படுக்க வைத்திருந்தோம். அன்று இரவு டியூட்டியில் இருந்தவள் நான். அந்தப் பங்கை மறைத்துவிட்டு உங்களுக்கு மடல் எழுதினால் நியாயமாக இருக்காது.

ஐந்தாம் நாள் காலையில் மூச்சு நிமிடத்துக்கு 28. விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் 90 என்றது. காய்ச்சல் 37.7 தான். வெள்ளணுக்கள் ஆறாயிரத்துச் சொச்சம். காய்ச்சலும் இல்லை, அணுக்களும் ஏறவில்லை, ஆகவே தொற்றாக இருக்காது என்று ரவுண்ட்ஸில் பேச்சு வந்தது. மாலையில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த ஆறாயிரம் நல்ல சேதி அல்ல. சாதாரண ஆளுக்கு நுரையீரலில் அவ்வளவு தொற்று இருந்தால் எலும்பு மஜ்ஜை விழுந்தடித்துக்கொண்டு வெள்ளணுக்களை அனுப்பும். எண்ணிக்கை பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று போகும். வருடக்கணக்கில் அதிகம் குடிப்பவரின் மஜ்ஜை அந்த அழைப்புக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. மது மஜ்ஜையையே நேரடியாக அமுக்குகிறது. ஃபோலேட் சத்துக் குறைவும் சேர்ந்துகொள்கிறது. அனுப்பிய அணுக்களும் தாமதமாகத்தான் போய்ச் சேருகின்றன. தீவிரமான நிமோனியாவில் அணுக்கள் ஏறாமல் இருப்பதும், நான்காயிரத்துக்குக் கீழே இறங்குவதும் குடிப்பவர்களிடம் கெட்ட அறிகுறி என்பது உங்கள் பாடப் புத்தகங்களில் உள்ளதுதான். ஆனால் ரவுண்ட்ஸில் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் படிவத்தில் “எப்பவாவது” என்றுதானே இருந்தது.

நுரையீரலில் என்ன நடக்கிறது என்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். எல்லோருக்குமே தூக்கத்தில் தொண்டை எச்சில் துளித்துளியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இறங்கியதை இருமல் வெளியே தள்ளும். தப்பியதைக் குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் சளியோடு சேர்த்து மேலே கூட்டித் தள்ளும். அதற்கும் தப்பி அடிவரை போன கிருமியை, காற்றுப் பைகளிலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கணு சாப்பிட்டுவிடும். இப்படி ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும்.

தினசரிக் குடி இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவைப்பதில்லை. போதையில் இருமல் உணர்வு மங்குகிறது. நுண்மயிர்கள், ஆபத்து வந்ததும் வேகம் கூட்ட வேண்டியவை, நாள்பட்ட குடியில் அந்த வேகத்தைக் கூட்ட மறந்துவிடுகின்றன. பல், ஈறு கெட்டுப்போன வாயில் சாதாரணமாக அங்கே தங்காத கிளப்சியெல்லா போன்ற கிருமிகள் குடியேறுகின்றன. ஆகவே கீழே இறங்கும் எச்சிலே மோசமான எச்சில். கடைசியாக அந்த விழுங்கணு. நுரையீரலை நனைத்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் குளூட்டத்தயோன் என்றொரு காப்புப் பொருள் உண்டு. நாள்பட்டுக் குடிப்பவர்களிடம் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, துத்தநாகச் சத்தும் குறைகிறது. அது இல்லாமல் விழுங்கணு அரைகுறையாக வளர்ந்து, கிருமி முன்னால் இருந்தும் விழுங்க முடியாமல் நிற்கிறது. இது ஈரல் கெட்ட பிறகு நடப்பது அல்ல. ஈரல் சோதனை சரியாக இருப்பவரிடமும் நடக்கிறது. “எல்எஃப்டி நார்மல்” என்று எழுதிவிட்டு நாம் நிம்மதியாக இருப்பதில் உள்ள ஓட்டை இதுதான்.

எவ்வளவு குடித்தால் எவ்வளவு ஆபத்து என்று நிமோனியாவுக்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாளுக்கு 60 கிராம் மது என்றால் குடிக்காதவரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல், 120 கிராம் என்றால் முக்கால் பங்கு கூடுதல். குடிக்கு அடிமையானவர் என்று கண்டறியப்பட்டவர்களிடம் அது பல மடங்கு. காசநோய்க்கும் இதே கதைதான். தினம் 40 கிராமுக்கு மேல் போனால் ஏறக்குறைய மூன்று மடங்கு.

கிராம் என்றதும் யாருக்கும் மனக்கணக்கு வராது. மில்லியை அதன் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, அதை 0.8 ஆல் பெருக்கினால் போதும். 40 சதவீதச் சரக்கு 180 மில்லி என்றால் அதில் சுத்த மது 72 மில்லி, எடையில் ஏறக்குறைய 58 கிராம். நம்மாள் வார நாட்களில் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார், வார இறுதியில் நூறைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவருடைய “எப்பவாவது” அது.

இடையில் ஒன்று. சரக்கு உள்ளே போய்க் கிருமியைக் கொல்லும், சளிக்கு நல்லது என்று வார்டில் மாதம் ஒருவராவது சொல்வார். கையில் தேய்க்கிற சானிட்டைசரில் மது 70 சதவீதம். நன்றாகப் போதை ஏறிய ஆளின் ரத்தத்தில் அது 0.2, 0.3 சதவீத அளவில்தான் இருக்கும். அந்த அளவில் கிருமிக்கு ஒன்றும் ஆகாது, கிருமியைப் பிடிக்க வேண்டிய அணுக்களுக்குத்தான் கிறுகிறுக்கும். இதைச் சொன்னால் பேஷன்ட்கள் சிரிக்கிறார்கள், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

சரி, காயத்துக்கு வருகிறேன். என் வேலை அதுதான்.

நிமோனியாவால் அவர் இருமிக்கொண்டே இருந்தார். ஒவ்வோர் இருமலும் தைத்த வயிற்றை உள்ளேயிருந்து தள்ளியது. ஆறாம் நாள் தையல் ஓரம் சிவந்து சூடாக இருந்தது. ஏழாம் நாள் கட்டைப் பிரித்தபோது பஞ்சில் கலங்கிய நீர். கீழ்ப்பக்கம் நாலு தையலைப் பிரித்தீர்கள். ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குத் திறந்தது, மூன்று சென்டிமீட்டர் ஆழம். அடியில் வலை தெரிந்தது. வலை தெரிகிற காயத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும், இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

அதன் பிறகு தினமும் நான் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறேன். நன்றாக ஆறுகிற திறந்த காயத்தின் அடியில் ஒரு வாரத்தில் சின்னச் சின்ன மணிகளாகச் சதை எழும்பும். நல்ல சிவப்பாக இருக்கும், ஈரமாகப் பளபளக்கும், பஞ்சு பட்டால் லேசாக ரத்தம் கசியும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இது மூடிவிடும் என்று. அவருடைய காயம் இரண்டு வாரம் கழித்தும் வெளிறிப்போய், வேகவைத்த சதை மாதிரி கிடந்தது. துடைத்தால் ரத்தம் வரவில்லை. மேலே மஞ்சள் படலம் மட்டும் தினமும் புதிதாகப் படிந்தது. நாங்கள் கழுவினோம், கட்டினோம், ஆண்டிபயாட்டிக் மாற்றினீர்கள். ஸ்கேலை வைத்து அளந்தால் அதே ஆறு, அதே மூன்று.

காரணம் கிருமி மட்டும் இல்லை. காயம் ஆற முதலில் வெள்ளணுக்கள் வந்து குப்பையை அள்ள வேண்டும். தொடர்ந்து குடித்தவரிடம் அவற்றைக் கூப்பிடும் சைகைகளே பலவீனம், அதனால் முதல் சில நாட்களில் கிருமிக்கு வேலியில்லாத நிலம் கிடைக்கிறது. அடுத்து புது ரத்தக் குழாய்கள் முளைக்க வேண்டும், அந்தச் சிவப்பு மணிகள் அவைதான். மது அந்த முளைப்பைக் குறைக்கிறது. மூன்றாவது, கொலாஜன் என்ற நார்ப்புரதம் நெய்யப்பட வேண்டும். காயத்துக்குப் பலம் தருவது அது. அதை நெய்ய புரதம் வேண்டும், வைட்டமின் சி வேண்டும், துத்தநாகம் வேண்டும். தினம் குடிப்பவர் பசியை மதுவால் அடைப்பவர், இவற்றில் எதுவும் அவரிடம் சரியாக இருப்பதில்லை. டென்மார்க்கில் அதிகம் குடிப்பவர்களின் தோலுக்கடியில் சின்னக் குழாய்களைச் செருகி, காயம் ஆறுவதற்கான புரதம் அதற்குள் எவ்வளவு சேருகிறது என்று அளந்து பார்த்தார்கள். குறைவாகத்தான் சேர்ந்தது. ஆனால் குடியை நிறுத்தி எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அது மற்றவர்கள் அளவுக்குத் திரும்பியிருந்தது.

நம் பேஷன்ட்டிடமும் ஐந்தாவது வாரத்தின் நடுவில் ஒரு நாள் காலை பஞ்சில் ரத்தப் புள்ளி. புது ரத்தம். அன்றைக்கு நான் காட்டிய சந்தோஷத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார், “என்ன சிஸ்டர், ரத்தம் வருதே” என்று. வருவதுதான் நல்லது என்றேன். காயம் மூட மேலும் ஐந்து வாரம் ஆனது. வலையின் ஒரு துண்டை நீங்கள் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில் கிடந்ததால் அவர் அத்தனை வாரமும் குடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சத்தான சாப்பாடும் புரத மாவும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும். ஆனாலும் அந்த ஐந்து வாரத்தை ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்திருக்கலாமே என்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. ஹெர்னியா பல மாதமாக இருந்தது. இன்னும் ஒன்றரை மாதம் காத்திருக்கும்.

இது ஒரு செவிலியரின் ஆதங்கம் மட்டும் இல்லை. 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹன்னே டோன்னெசனும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் மது குடிக்கிற, ஈரல் நோய் இல்லாத, பெருங்குடல் ஆபரேஷனுக்குக் காத்திருந்த 42 பேர். பாதிப் பேருக்கு வழக்கம்போல ஆபரேஷன். மீதிப் பேரை ஒரு மாதம் முன்னாலேயே குடியை நிறுத்த வைத்து, குடித்தால் குமட்டலும் வாந்தியும் வரவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைக் கண்முன்னே விழுங்க வைத்து, அப்புறம் ஆபரேஷன். வழக்கம்போலச் செய்த குழுவில் 74 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. நிறுத்திய குழுவில் 31 சதவீதம். ஆய்வு சின்னது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு வந்த சில ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சிக்கல்கள் குறைவது தெரிந்தது. உயிரிழப்பு குறைந்ததா, வார்டில் கிடக்கும் நாட்கள் குறைந்தனவா என்பதற்கு உறுதியான பதில் வரவில்லை. அதனால் இதை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு செலவில்லாத வேறு எதுவும் இந்த அளவுக்குச் சிக்கலைக் குறைப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனவே என் கோரிக்கை. முதலில், கேள்வியை மாற்றுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் வழக்கமாக எவ்வளவு, ஒரே அமர்வில் ஆறு கிளாஸ் அல்லது அதற்கு மேல் போவது எத்தனை தடவை. ஆடிட்-சி என்று நீங்கள் அறிந்த மூன்று கேள்விகள்தான். கேட்கும்போது தலைநிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நாம் திட்டுவோம் என்று தெரிந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். “காயம் ஆறுவதற்காகக் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை” என்று ஒரு வரி சேர்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். “எப்பவாவது” என்றவர் “தினமும், ஆனா ராத்திரி மட்டும்தான்” என்கிறார்.

அடுத்தது, கணக்கு அறுபது கிராம் பக்கம் வந்தால் நாளைத் தள்ளிப் போடுங்கள், நான்கு வாரமாவது, முடிந்தால் எட்டு. ஆனால் “குடியை விட்டுட்டு வாங்க” என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அந்த உளறல் வரலாம், உயிரும் போகலாம். நிறுத்துவது யாராவது மருத்துவர் கண்காணிப்பில் நடக்கட்டும், தயமின் கொடுத்து, தேவைப்பட்டால் நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து. முன்பு வலிப்பு வந்தவர் என்றால் வார்டில் சேர்த்தே நிறுத்த வேண்டும். அந்தச் சந்திப்பிலேயே பல்லைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், நிமோகாக்கல் தடுப்பூசியும் போட்டு அனுப்புங்கள்.

புற்றுநோய்க் கட்டி போலக் காத்திருக்க முடியாதவை இருக்கும். அப்படியானால் தள்ள வேண்டாம், ஆனால் எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். முதல் பக்கத்தில் ஒரு வரி போதும்: “தினம் இத்தனை கிராம், கடைசியாகக் குடித்தது இன்ன நாள், இன்ன நேரம்.” அதைப் பார்த்தால் இரண்டாம் நாள் நடுக்கத்தை வலி என்று நினைக்க மாட்டோம். தலைப்பக்கத்தை உயர்த்தியே வைப்போம். தூக்க மருந்து கொடுத்தால் பக்கத்தில் ஆள் இருக்கும். தினம் இரண்டு முறை வாயைச் சுத்தம் செய்வோம், முதல் நாளே உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி கொடுப்போம். காய்ச்சல் இல்லை, அணுக்கள் ஏறவில்லை என்று சும்மா இருக்காமல், மூச்சு எண்ணிக்கை 22-ஐத் தாண்டினாலே உங்களைக் கூப்பிடுவோம். நீங்கள் எரிச்சல்படாமல் வாருங்கள்.

அந்த மனிதர் போன மாதம் வந்திருந்தார். காயம் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குத் தழும்பு, பக்கத்தில் ஹெர்னியா மறுபடி துருத்திக்கொண்டிருக்கிறது. திரும்ப ஆபரேஷன் வேண்டும். படிவம் எழுதியவர் புது ஆள். “குடிப்பீங்களா?” என்று குனிந்தபடியே கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அதனால் தப்பித்தோம்.

இப்படிக்கு,
அறுவை வார்டில் கட்டுப் போடும் செவிலியர்